நேர் சாலையில் கார் ஒரு பக்கம் இழுத்தால்: அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று தெரிந்ததும் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போவதுதான் நம்மூர் வழக்கம். பணம் கட்டி வெளியே வந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்கும், வண்டி மட்டும் பழையபடி இழுக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. இங்கே ஓடும் பெரும்பாலான சிறு கார்களில் அலைன்மென்ட் என்ற பெயரில் திருப்பி வைக்கக் கூடியது முன் சக்கரங்களின் டோ மட்டுமே. டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. டோ தவறாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு அது காரணமாவது அபூர்வம்.

ஆகவே இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் சாலை, பிறகு காற்று, பிறகு டயர், பிறகு பிரேக், கடைசியில்தான் அலைன்மென்ட். செலவு குறைந்தது முன்னால் வருகிறது என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், முந்தைய படி முடியாமல் அடுத்த படியின் முடிவை நம்ப முடியாது என்பது. காற்று சரியில்லாத வண்டியில் டயரை மாற்றிப் பார்த்தால் கிடைக்கும் விடை எதையும் நிரூபிக்காது.

1. கையில் இருக்க வேண்டியவை

நம்பகமான காற்றழுத்தமானி ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் காட்டும் எண்ணைவிட, ஒரே மீட்டரில் நான்கு டயரையும் பார்ப்பதுதான் முக்கியம். நமக்கு வேண்டியது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அணை கொடுக்க நான்கு கட்டைகள், வண்டியைத் தாங்க இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ விடக் கூடாது. வசதி இருந்தால் தொடாமல் வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றும் இருக்கட்டும். பிரேக் சோதனையில் அது ஊகத்துக்கு இடம் வைக்காது.

ஒரு சிறு நோட்டும் பேனாவும். எந்தப் படியில் என்ன செய்தீர்கள், இழுப்பு எந்தப் பக்கம், எவ்வளவு என்று உடனே எழுதுங்கள். புதிதாக இந்த வேலை செய்பவர்கள் ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்துவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

2. இழுப்பு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கிறது என்றால் அது இழுப்பு இல்லை. அது டோ வேலை. அதற்கு அலைன்மென்ட் கடைக்கு நேராகப் போகலாம். ஸ்டீயரிங் நடுங்கினால் அது பேலன்ஸிங் சம்பந்தப்பட்டது. பேலன்ஸிங் செய்து இழுப்பு போகாது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் போகிறதா, மிதிக்காமலேயே போகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தைக் காட்டக் கூடியவை. மிதிக்கும்போது மட்டும் வண்டி வலது பக்கம் பாய்ந்தால், வலது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, இடதுதான் சோம்பியிருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும். மிதிக்காதபோதே வலது பக்கம் இழுத்தால், வலது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதைக் குழப்பிக்கொண்டு, பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நன்றாக இருந்தும் அதைக் கழற்றுபவர்கள் உண்டு.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுத்து, காலை எடுத்ததும் நேரானால், முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் அது என்ஜின் விசையால் வருவது. அப்போது என்ஜின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் பக்கம் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி, நிதானமான வேகத்தில் எந்தப் பெடலையும் பெரிதாக மிதிக்காதபோது வரும் இழுப்பைப் பற்றியது.

3. சாலையின் சாய்வைக் கழித்துவிடுங்கள்

நாம் சமம் என்று நினைக்கும் சாலை சமமாக இருக்காது. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார்ச் சாலைக்கு ஏறக்குறைய 2 சதவீதம் சாய்வு கொடுப்பார்கள். மூன்றரை மீட்டர் அகல லேனில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் சுமார் 7 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், சாய்வும் பெரும்பாலும் இடது ஓரத்தை நோக்கியே இருக்கும். அதனால் குறையே இல்லாத காரும் கையைத் தளர்த்தினால் மெல்ல இடது பக்கம் ஒதுங்கும். அது இயல்பு.

சோதிக்க நல்ல இடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலை அல்லது பெரிய வாகன நிறுத்துமிடம். ஒரே பாதையில் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். போகும்போது காம்பவுண்ட் சுவர் பக்கம் போய், திரும்பி வரும்போதும் அதே சுவர் பக்கம் போனால் குறை தரையில். இரண்டு திசையிலும் உங்கள் இடது கைப் பக்கமே போனால் குறை வண்டியில். காற்று பலமாக வீசும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம். குறுக்குக் காற்றும் இதே வேலையைச் செய்யும்.

நெடுஞ்சாலையில்தான் பார்க்க முடியும் என்றால், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில், பிடியைத் தளர்த்துங்கள். கையை ஸ்டீயரிங்கை விட்டு எடுக்க வேண்டாம். விரல்கள் வளையத்தைச் சுற்றியே இருக்கட்டும். அந்த வேகத்தில் 100 மீட்டர் கடக்க 6 வினாடி ஆகும். அதற்குள் அரை லேன் தாண்டி ஒதுங்கினால், அல்லது சாய்வுக்கு எதிராக வலது பக்கம் போனால், அதைச் சாலையின் தலையில் கட்ட முடியாது.

4. காற்று: குளிர்ந்த டயரில், ஒரே மீட்டரில்

எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அடிக்கக் கூடாது.

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடிய டயரில் அழுத்தம் 3, 4 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். அதிலும் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலுமாக நின்ற வண்டியில் இடதும் வலதும் வேறு வேறாகக் காட்டும். காலையில் முதல் வேலையாகப் பாருங்கள்.

வண்டி காற்று குறைந்த பக்கம் போகும். குறைந்த டயர் அதிகம் நசுங்கி, உருளும்போது அதிக எதிர்ப்பைக் கொடுப்பதால் அந்தப் பக்கம் பின்தங்குகிறது. முன் டயர்களில் 4 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே பல வண்டிகளில் கையில் தெரியும். ஸ்டிக்கர் அளவுக்கு நான்கையும் கொண்டுவந்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு முழுவதும் போய்விட்டாலும் வேலை முடியவில்லை: அந்த ஒரு டயரில் மட்டும் காற்று ஏன் குறைந்தது? வால்வில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், ரிம் ஓரத்தைப் பாருங்கள், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் அதே இழுப்போடு வண்டி திரும்பி வரும்.

முன் டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம்தானா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பஞ்சர் ஆன அவசரத்தில் போட்ட ஸ்டெப்னி அப்படியே முன்னால் ஓடிக்கொண்டிருப்பது நிறைய நடக்கிறது.

5. முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்

இந்த ஒரு சோதனையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். அரை மணி நேர வேலை, செலவு இல்லை, கிடைக்கும் பதிலோ திட்டவட்டமானது.

ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை தயாரிப்பில் சிறிது ஒரு பக்கம் தள்ளி அமைந்துவிட்டால், டயரின் ஒரு தோள் மறு தோளைவிடக் கடினமாகும். பார்க்க உருளையாக இருந்தாலும் உருளும்போது கூம்புபோல் நடந்துகொள்ளும். வாய் அகன்ற டம்ளரைத் தரையில் உருட்டினால் அடிப்பக்கமாக வளைந்து ஓடுகிறதே, அப்படி. புது டயரிலும் இது இருக்கலாம். கண்ணாலும் தெரியாது, பேலன்ஸிங் மெஷினிலும் தெரியாது. புது டயர் போட்ட அன்றிலிருந்து இழுக்கிறது என்று யாராவது சொன்னால் என் முதல் சந்தேகம் இதுதான்.

செய்முறை: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். முன் இடது சக்கரத்தை முன் வலதிலும், வலதை இடதிலும் ரிம்மோடு மாட்டுங்கள். ஒரு பக்கம் கழற்றியதும் ஸ்டெப்னியை மாட்டி இறக்கிக்கொண்டால் ஒரே ஜாக்கியில் முடிக்கலாம். நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பெரும்பாலான சிறு கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டில் இருக்கும். இடம் மாறியதும் காற்றை மறுபடி ஒருமுறை பாருங்கள். பிறகு அதே சாலை, அதே வேகம்.

முன்பு இடது பக்கம் இழுத்தது இப்போது வலது பக்கம் இழுத்தால், குறை முன் டயர்களில் ஒன்றில்தான். எது என்று தெரிய, இடதுபக்க முன் டயரைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் போடுங்கள். இழுப்பு போனால் பின்னால் போன டயர்தான் குற்றவாளி. போகாவிட்டால் வலது முன் டயர். பின்னால் போனால் அந்தத் தள்ளல் ஸ்டீயரிங்குக்கு வராது என்பதால், தேயும் வரை பின்னாலேயே ஓட்டிவிடலாம். புதிய டயர் என்றால் இந்த முடிவைக் காட்டி வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

இடம் மாற்றியும் அதே பக்கம் அதே அளவு இழுத்தால் டயர்களுக்கு விடுதலை. பிரேக்குக்குப் போகலாம். மாற்றியதும் இழுப்பே இல்லாமல் போனாலும் டயர்தான் காரணமாக இருந்தது. அப்படியே விட்டுவிடுங்கள், திரும்ப மாற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அந்த டயரை இடவலம் மாற்றக் கூடாது. அதை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் எது என்று மட்டும் குறித்திருக்கும் டயருக்கு இந்தத் தடை இல்லை. ரிம்மோடு மாற்றும்போது வெளிப்பக்கம் வெளியேதான் இருக்கும்.

6. பிரேக் விடாமல் பிடிக்கிறதா: வெப்பத்தைக் கேளுங்கள்

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. காலையில் எடுக்கும்போது லேசாக இருக்கும் இழுப்பு, ஓட ஓட அதிகமாகும். சூடு ஏறினால் பிரேக் ஆயிலும் உலோகமும் விரிந்து பிடி இன்னும் இறுகுகிறது. டயருக்கும் அலைன்மென்ட்டுக்கும் இந்தக் குணம் கிடையாது. அதனால் கிளம்பிய உடன் எப்படி, அரை மணி நேரம் கழித்து எப்படி என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல். நிறுத்தும்போதும் காலை எடுத்து, கியரைக் குறைத்து, தானாக வேகம் இறங்க விடுங்கள். கடைசியில் அழுத்தி மிதித்து நிறுத்தினால் எல்லா டிஸ்க்கும் சூடாகிச் சோதனை வீணாகும். புதியவர்கள் தவறாமல் செய்வது இதைத்தான்.

நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். பிடித்துக்கொண்டிருக்கும் டிஸ்க் தோலைச் சுட்டுவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், கருகிய வாடையும் வந்தால், பதில் கிடைத்துவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால் இரு பக்கமும் ஒரே இடத்தில் குறிவைத்துப் பாருங்கள். பளபளக்கும் டிஸ்க் முகத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் எண்ணைவிட வித்தியாசத்தை நம்புங்கள். பத்து, இருபது டிகிரி வித்தியாசம் பெரிதில்லை. ஐம்பது டிகிரியைத் தாண்டினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

முன் இரண்டும் ஒரே அளவு அதிகச் சூடாக இருந்தால் வண்டி இழுக்காது, மைலேஜ் மட்டும் குறையும். அது மாஸ்டர் சிலிண்டர் அல்லது பெடல் பக்கக் கோளாறு. பின் டிரம்மில் ஒன்று மட்டும் சூடானால் ஹேண்ட் பிரேக் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. பிடிப்பது காலிப்பரா, ஹோஸா?

சூடு ஆறிய பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நன்றாக நாலைந்து முறை மிதித்து விடட்டும். உடனே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேட் டிஸ்க்கை லேசாக உரசும் சத்தம் எல்லா வண்டியிலும் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு கையால் சுற்ற முடியாமல் இறுகி நின்றால்தான் குறை. மறுபக்கச் சக்கரத்தையும் இதேபோல் தூக்கிச் சுற்றி ஒப்பிடுங்கள்.

இறுகி நிற்கும்போதே காலிப்பரின் பிளீடர் நிப்பிளை, அதன் முனையில் ஒரு டியூப் மாட்டி, சிறிது தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விடுபட்டால், உள்ளே அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் அந்த ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும்: மிதிக்கும் வேகத்தில் ஆயில் போகும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும். அதனால்தான் காலிப்பரை மாற்றிய பிறகும் அதே கோளாறு என்று வருகிறார்கள்.

நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் விடாவிட்டால் காலிப்பரே சிக்கியிருக்கிறது. நம்மூரில், அதுவும் கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும், பெரும்பாலும் சிக்குவது காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின். அதன் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் உள்ளே போய் துரு ஏறிவிடும். நிப்பிளைத் தளர்த்தியிருந்தால் இறுக்கிவிட்டு ஆயில் மட்டத்தைப் பார்க்க மறக்காதீர்கள். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் பிளீட் செய்து அதை வெளியேற்றிவிட வேண்டும்.

8. ஸ்லைடு பின்னைச் சரிசெய்வது

காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெடும். உள் பேடும் வெளி பேடும் எவ்வளவு தடிமன் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகராமல் நின்றதற்கு அதுவே சாட்சி.

இரண்டு பின்னையும் கையால் இழுத்துத் தள்ளுங்கள். விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். துருவும் பள்ளமும் விழுந்த பின்னைத் தேய்த்துப் போடாதீர்கள், பின்னும் பூட்டும் சேர்ந்த செட்டாக மாற்றுங்கள். துளைக்குள் இருக்கும் பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, பிரேக்குக்கு என்று விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது ரப்பரை ஊதச் செய்து, ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகச் சிக்க வைக்கும். அதிகம் அப்பினாலும் காற்று அடைபட்டு ஸ்லைடு பின் உள்ளே போகாது.

பேட் காதுகள் உட்காரும் தடத்தில் இருக்கும் துருவையும் சுரண்டி எடுங்கள். ஸ்லைடு பின் நன்றாக இருந்தும் பேட் தடத்தில் சிக்கிப் பிடிப்பது உண்டு. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும், ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். எவ்வளவு அழுத்தினாலும் பிஸ்டன் உள்ளே போகாவிட்டால் காலிப்பரைப் பிரித்து சீல் கிட் போட வேண்டும், அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாட்டி முடித்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதிப்பு தரை வரை போகும். அதைத் தெருவில் கண்டுபிடிக்கக் கூடாது.

9. இப்போது அலைன்மென்ட், ஆனால் சீட்டோடு

காற்றும் டயரும் பிரேக்கும் தேறிவிட்டன, இன்னும் இழுக்கிறது என்றால் கடைக்குப் போகலாம். போகும் முன் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆடும் பாகத்தோடு எடுக்கும் அளவு அடுத்த பள்ளம் வரைதான் நிற்கும்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதையும் தொடுவதற்கு முன் எடுத்த அளவின் சீட்டு. அதில் டோவை விட்டுவிட்டு, கேம்பர், கேஸ்டர் இரண்டையும் இடது வலதாக ஒப்பிடுங்கள். கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம். எந்தப் பக்கத்தின் கேம்பர் அதிகம் பாசிட்டிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். கேஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். அது குறைவாக இருக்கும் பக்கம் வண்டி போகும். இரண்டில் எதிலும் இடவல வித்தியாசம் அரை டிகிரியை, அதாவது 30 நிமிடத்தைத் தாண்டினால் இழுப்பை எதிர்பார்க்கலாம்.

எல்லைக்குள் இருக்கும் அளவுக்கு மெஷின் காட்டும் பச்சை நிறம் இங்கே ஏமாற்றும். ஒரு வண்டிக்கு முன் கேம்பர் −0°30′, கூடவோ குறையவோ 45′ வரை அனுமதி என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் +0°10′, வலது பக்கம் −1°10′ இருந்தால் மெஷின் இரண்டையும் பச்சையாகவே காட்டும். தனித்தனியாக எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே 1°20′ வித்தியாசம். அந்த வண்டி நிச்சயம் இடது பக்கம் இழுக்கும். எல்லாம் பச்சை, வண்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளில் நிறைய இந்த வகை. சில மெஷின்கள் நிமிடத்துக்குப் பதில் தசமத்தில் அச்சிடும். 0.30 என்பது 30 நிமிடம் இல்லை, 18 நிமிடம். எந்த முறை என்று பார்த்துப் படியுங்கள்.

கேம்பரும் கேஸ்டரும் பல சிறு கார்களில் திருப்பி வைக்கும் அமைப்பே இல்லாதவை. அளவு மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது: பள்ளத்தில் இறங்கிய ஸ்ட்ரட், கல்லில் அடிபட்ட லோயர் ஆர்ம், கிளட்ச் வேலைக்கு இறக்கி ஏற்றியபோது தள்ளி உட்கார்ந்த சப்ஃபிரேம். சிறு வித்தியாசத்தை ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகளைத் தளர்த்தி, துளையில் உள்ள இடைவெளி அளவுக்குத் தள்ளிச் சரிசெய்வார்கள், அது தவறில்லை. வளைந்த பாகத்தை வைத்துக்கொண்டு நல்ல பக்கத்தையும் அதற்கேற்பக் கெடுத்துச் சமன் செய்வதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

10. ஒரு வண்டியின் கதை

ஆறு வருடம் ஓடிய ஒரு ஹேட்ச்பேக். இடது பக்கம் இழுப்பு, வெளியூர்ப் பயணத்தில் அதிகம். ஏற்கெனவே இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. "ஸ்டீயரிங் இப்ப நேராத்தான் இருக்கு அண்ணே, ஆனா கை வலிக்குது" என்றார் வண்டிக்காரர்.

காலையில் காற்று பார்த்தபோது இடது முன் 28, வலது முன் 33, ஸ்டிக்கரில் 32. இடது வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டதும் சின்னக் குமிழிகள் வந்தன. வால்வு உள்ளாணியை மாற்றிக் காற்றடித்ததும் இழுப்பு பாதியாகக் குறைந்தது, போகவில்லை. இந்த இடத்தில் நிறுத்திவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். முன் டயர்களை இடம் மாற்றினோம். அதே இடது பக்கம்தான். டயர் தேறியது.

கால் மணி நேரம் ஓட்டி நின்றபோது இடது டிஸ்க் 118 டிகிரி, வலது 64. தூக்கிச் சுற்றினால் இடது இறுக்கம். நிப்பிளைத் தளர்த்தியும் விடவில்லை, ஆக ஹோஸ் இல்லை. காலிப்பரைக் கழற்றினால் மேல் பின் வழுக்கியது, கீழ் பின் அசையவில்லை. அதன் பூட்டில் நகக்கண் அளவு கிழிசல், உள்ளே காவி நிறத் துருச்சேறு. உள் பேட் 3 மில்லிமீட்டர், வெளி பேட் 7. ஸ்லைடு பின் செட் மாற்றி, இரு பக்கமும் புது பேட் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் புது பேட் போட்டால் மிதிக்கும்போது இழுப்பு வரலாம் என்பதால் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இழுப்பு நின்றது. ஆனால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஏனென்றால் முன்பு இடது இழுப்பை எதிர்க்க அவர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்தே ஓட்டினார். கடைக்காரர் அந்த வலது சாய்வை நேராக்கும்படி டை ராட்டைத் திருப்பி வைத்துவிட்டார். இழுப்பு போனதும் அந்தத் திருத்தம் தலைகீழாகத் தெரிந்தது. கடைசியாக ஒருமுறை டோ மட்டும் வைத்ததும் எல்லாம் சரியானது. அலைன்மென்ட்டைக் கடைசிப் படியாக வைப்பதன் காரணம் இந்த வண்டியில் கண்ணால் தெரிந்தது.

11. இத்தனைக்குப் பிறகும் இழுத்தால்

வலது பக்கம் திரும்பிய பிறகு வலதும், இடது பக்கம் திரும்பிய பிறகு இடதும் இழுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் எங்கோ இறுகுகிறது. ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு இவற்றில் ஒன்று. ஸ்ட்ரட் ஸ்பிரிங்கில் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வழுக்கித் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபட்டால் மேல் பேரிங் போய்விட்டது.

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில், முன் பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கைத் தொடாமல் நிற்க விடுங்கள். தானாக ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தால் இழுப்பு சக்கரத்தில் இல்லை, ஸ்டீயரிங் உதவியில் இருக்கிறது. ஸ்டீயரிங் சென்சாரின் நடுநிலையை ஸ்கேனர் போட்டுத்தான் மறுபடி பதிய வைக்க முடியும். அலைன்மென்ட் செய்த அன்றிலிருந்து புதிதாக இழுப்பு வந்த வண்டிகளிலும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் நடு மாறியும் சென்சார் பழைய நடுவிலேயே நின்றிருக்கலாம்.

சக்கரத்தை எந்தப் படியில் கழற்றியிருந்தாலும், 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அலாய் வீலில் இது கட்டாயம். ரிம் சரியாக உட்கார்ந்த பிறகு நட்டு சிறிது தளரும்.